ஸ்கோர் அட்டைக்குத் தமிழ் வந்திட்டுது, மைதானத்துக்கு எப்ப?

2010 ஜூலை 22, காலி மைதானம். முரளிதரனின் கடைசி டெஸ்ட், கடைசி விக்கெட், எண்ணூறாவது விக்கெட். எங்கட பத்திரிகை நடையில் அந்தப் பந்தைச் சொன்னால் இப்பிடித்தான் வரும்: "பிரக்யான் ஓஜா, முரளிதரனின் பந்துவீச்சில் மஹேல ஜயவர்த்தனவிடம் பிடிகொடுத்து ஆட்டமிழந்தார்."

பிழையில்லாத, அழகான தமிழ். பத்திரிகைக்கு இது காணும். ஆனால் இதே வசனத்தை வானொலியில் ஒருவர் வாசித்தால், கேட்கிற ஆளுக்கு என்ன தெரியுது? ஆர் போட்டது, ஆர் பிடிச்சது, ஆர் போனது. அவ்வளவுதான். பந்து எந்தப் பக்கம் திரும்பினது, மஹேல எங்க நிண்டவர், ஓஜா அடிக்கப் போனாரா தடுக்கப் போனாரா, ஒண்டும் இல்லை. அது ஸ்கோர் அட்டையில் ஆங்கிலத்தில் ஒரே வரியில் இருக்கிற விசயம். அதை நாங்கள் நீட்டித் தமிழில் எழுதியிருக்கிறம்.

என்ர குற்றச்சாட்டும் இதுதான். கிரிக்கெட்டைத் தமிழாக்கினோம் எண்டு நாங்கள் பெருமைப்படுகிறதில் பெரும்பகுதி ஸ்கோர் அட்டையைத் தமிழாக்கினதுதான். ஓட்டம், சதம், அரைச்சதம், உதிரிகள், நாணயச் சுழற்சி, ஆட்டமிழக்காமல்... எல்லாம் எண்ணிக்கைக்கும் முடிவுக்கும் உரிய சொற்கள். மைதானத்துக்குள்ள நடக்கிறதைக் காட்டுற சொற்கள் ஆங்கிலத்திலயே கிடக்குது. கண்ணால் பார்க்க முடியாத வானொலி நேயருக்கு ரெண்டாவதுதான் முதல் தேவை.

இலங்கைத் தமிழ் விளையாட்டுச் செய்தியாளர்கள் உருவாக்கின சொற்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. 'இணைப்பாட்டம்' எண்ட சொல்லை எடுங்கோ. ரெண்டு பேர் சேர்ந்து நிண்டு ஆடுறதை அதைவிடச் சுருக்கமாச் சொல்ல ஏலாது. 'களத்தடுப்பு' அதைப் போலத்தான், சொல்லுக்குள்ளேயே வேலை தெரியுது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் 'பார்ட்னர்ஷிப்', 'பீல்டிங்' எண்டு எழுதிக்கொண்டிருக்க, நாங்கள் இதுகளைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்திட்டம்.

ஆனால் காதுக்கு ஒத்துவராத சொற்களும் இருக்கு. 'இலக்கு' எண்டால் விக்கெட் எண்டு சிலர் எழுதுகினம். வெற்றி இலக்கு எண்டும் அதே சொல் இருக்கு. எழுத்தில் சமாளிக்கலாம். "இலக்கு நூற்றைம்பது, இழந்தது ஐந்து இலக்கு" எண்டு வானொலியில் கேட்டால், தேத்தண்ணி ஊத்திக்கொண்டிருக்கிற ஆள் எதைப் பிடிக்கிறது? 'துடுப்பாட்டம்' இன்னும் மோசம். கிரிக்கெட்டுக்கும் அதுதான், பட்டிங்குக்கும் அதுதான். "யாழ்ப்பாணத்தின் சிறந்த துடுப்பாட்ட வீரர்" எண்டால் அவர் பந்து போடுறவராகவும் இருக்கலாம்.

துடுப்பு எண்டது வள்ளம் வலிக்கிற துடுப்பு. குருநகரிலும் மயிலிட்டியிலும் அதுக்கு வேற அர்த்தம் இல்லை. எங்கட பெடியள் ஒழுங்கையில் விளையாடுறது தென்னை மட்டையாலயும் பனை மட்டையாலயும். கையில் மட்டை, பேப்பரில் துடுப்பு. தமிழ்நாட்டில் 'மட்டை' எண்டு எழுதினவை எங்களைப் பார்த்துத்தான் எழுதினவையோ எண்டு எனக்கு ஒரு சந்தேகம்.

'பந்துப்பரிமாற்றம்' எண்ட சொல்லைப் பற்றி ஒரு நியாயமும் சொல்லவேணும். 'ஓவர்' எண்டது ஆறு பந்து முடிஞ்சதும் முனை மாறச்சொல்லி நடுவர் கொடுக்கிற குரல். அந்தக் கணக்கில் பரிமாற்றம் எண்டது பொருத்தமான யோசனைதான். ஆனால் வாயில் வைத்துப் பாருங்கோ. ஆறு அசை. சுழற்பந்துவீச்சாளர் ஓட்டமே இல்லாமல் ரெண்டு எட்டு வைச்சு அடுத்த பந்தைப் போட்டிடுவார். "பதினேழாவது பந்துப்பரிமாற்றத்தின் நான்காவது பந்து" எண்டு சொல்லி முடிக்க முதல் பந்து எல்லைக்கோட்டில் நிக்கும். 'ஓவர்' எண்ட சொல் இங்க எந்த அப்பம்மாவுக்கும் தெரியும். தெரிஞ்ச சொல்லைத் தூக்கிப்போட்டுத் தெரியாத சொல்லை வைக்கிறம். தெரியாத சொல்லை அப்பிடியே விட்டுவைக்கிறம். தலைகீழ் வேலை.

தெரியாத சொல் எது? 'கவர் திசையில் தட்டிவிட்டார்', 'ஃபைன் லெக்கில் களத்தடுப்பாளர் இல்லை', 'தேர்ட் மான் பக்கம் ஓடுது'. மைதானத்தில் விளையாடின பெடியனுக்கு விளங்கும். ரேடியோ வைச்சுக்கொண்டு தையல் மெசினில் இருக்கிற அக்காவுக்கு விளங்காது. விளங்காட்டியும் கேட்பா, ஏனெண்டால் சனத்தின் சத்தம் விளங்கும். "ஆங்கிலச் சொல்லே எல்லாருக்கும் தெரியும், ஏன் மாத்துவான்?" எண்டு கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்கிறது இதைத்தான். எல்லாரும் எண்டால் ஆர்? உங்கட பள்ளிக்கூட அணியா?

அதுக்காக அந்தப் பேர்களை ஒவ்வொண்டாக மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. 'தேர்ட் மான்' மூன்றாம் மனிதர் ஆகினால் சிரிப்புத்தான் வரும். 'சில்லி பொயின்ற்' எண்டதை மடைப்புள்ளி எண்டு நாங்கள் பகிடிக்குச் சொல்லுறது உண்டு, அது பகிடியாகவே இருக்கட்டும். கவனிக்கவேண்டியது வேற. அந்தப் பேர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வரைபடம். அதில் மூண்டு கேள்விக்குத்தான் பதில் இருக்கு. எந்தப் பக்கம்? ஆட்டக்காரருக்கு முன்னாலயா, நேர் பக்கவாட்டிலயா, பின்னாலயா? எவ்வளவு தூரம்? 'சில்லி' எண்டால் மூக்குக்கு முன்னால. 'ஷோர்ட்' எண்டால் கிட்ட. 'டீப்', 'லோங்' எண்டால் எல்லைக்கோட்டுப் பக்கம். 'ஃபைன்' எண்டால் விக்கெட் காப்பாளருக்குப் பின்பக்கம் ஒட்டினமாதிரி. 'ஸ்குவயர்' எண்டால் நேர் பக்கவாட்டு.

இந்த மூண்டுக்கும் பதில் சொல்லத் தமிழில் புதுச் சொல் ஒண்டும் தேவையில்லை. ஆட்டக்காரரின் கால் இருக்கிற பக்கம் கால்ப்பக்கம், மற்றது எதிர்ப்பக்கம். "ஃபைன் லெக், கால்ப்பக்கம் பின்னால, எல்லையோரம்." "கவர், எதிர்ப்பக்கம், கொஞ்சம் முன்னால." ஆங்கிலப் பேரும் நிக்கட்டும், பக்கத்தில் தமிழில் இடமும் சொல்லட்டும். முதல் பத்து ஓவருக்கு இப்பிடிச் சொன்னால் போதும். பதினோராவது ஓவரில் 'ஃபைன் லெக்' எண்டு மட்டும் சொன்னாலும் அந்த அக்காவின்ர மனதில் ஆள் சரியான இடத்தில் நிப்பார்.

இடதுகை ஆட்டக்காரர் வந்தால் படம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலமாக மாறும். அதையும் வாய்திறந்து சொல்லவேணும். பெரும்பாலும் சொல்லப்படுறதில்லை. காலியில் நடந்ததுக்கு அதுதான் திறப்பு. ஓஜா இடதுகை ஆட்டக்காரர், முரளி ஓஃப் ஸ்பின் போடுறவர். அந்தப் பந்து வலதுகை ஆட்டக்காரருக்கு உள்ளுக்கு வரும், இடதுகைக்கு வெளியால போகும். வெளியால போற பந்துக்கு மட்டையை நீட்டினால் விளிம்பில் படும். விளிம்பில் பட்டது போகிற இடத்தில்தான் மஹேல காத்து நிண்டவர், விக்கெட் காப்பாளருக்குப் பக்கத்தில், இந்த முறை அவரின்ர இடப்பக்கம். 'ஓஃப் ஸ்பின்' எண்ட சொல்லைத் தமிழாக்கி என்ன, ஆக்காட்டி என்ன? 'உள்ளுக்கு வருது', 'வெளியால போகுது' எண்ட ரெண்டு வினையில் விளையாட்டு முழுக்க இருக்கு.

எங்கட செய்திகளில் முரளியும் 'சுழற்பந்துவீச்சாளர்', யாழ் மத்திய கல்லூரியில் இருந்து ஐ.பி.எல் வரை போன வியாஸ்காந்தும் 'சுழற்பந்துவீச்சாளர்'. வியாஸ்காந்த் போடுறது லெக் ஸ்பின். வலதுகைக்காரருக்கு முரளியின்ர பந்து உள்ளுக்கு வந்தால் இவரின்ர பந்து வெளியால போகும். இடையில் ஒண்டு கூக்ளியாக உள்ளுக்கும் வரும், அதில்தான் ஆட்கள் ஏமாறுறது. ஊர்ப் பெடியன் எண்டு தலைப்புப் போட்டுக் கொண்டாடினோம். அவன் என்ன போடுறான் எண்டு தமிழில் ஒரு வசனம் சொல்ல மறந்திட்டம்.

கடைசியாக வசனம். தமிழில் வினை கடைசியில் வரும். பத்திரிகைக்கு அது பிரச்சினை இல்லை. வானொலியில் "முரளிதரன் வீசிய பந்தைத் தடுத்தாட முற்பட்ட ஓஜா மஹேலவிடம் பிடிகொடுத்து..." எண்டு போய் 'ஆட்டமிழந்தார்' எண்டு வர முதல் மைதானம் முழுக்கக் கத்தி முடிஞ்சுபோம். நேயர் ஏதோ நடந்தது எண்டு பதறிக்கொண்டு வினைச்சொல்லுக்குக் காத்திருப்பார். 1990க்குப் பிறகு மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை எண்டு சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட ஊர் இது. மிதிக்கிறவன் களைச்சால் வினைச்சொல் வராமலே போயிருக்கும்.

நடக்கிற வரிசையில், சின்னச் சின்னதாக உடைச்சுச் சொல்லவேணும். இப்பிடி: "முரளி வாறார். ஓஜா, இடதுகை. பந்து விழுந்து வெளியால திரும்புது. முன்னால வந்து தடுக்கிறார். விளிம்பு! ஸ்லிப்பில மஹேல. பிடிச்சிட்டார்! எண்ணூறு!" இதில் ஒரு வசனமும் பத்திரிகையில் போடத் தகுதியில்லாதது. ஒரு சொல்லுக்கும் அகராதி தேவையில்லை.

1980களில் சென்னை வானொலியில் சேப்பாக்கத்துப் போட்டிகளைத் தமிழில் சொன்னவர்களில் அப்துல் ஜப்பாரும் கூத்தபிரானும் முக்கியமான ஆட்கள். ரெண்டு பேரும் வானொலி நாடகத்தில் ஊறினவர்கள். ஜப்பார் இலங்கை வானொலி நாடகங்களிலும் நடிச்சவர். இது தற்செயல் எண்டு நான் நினைக்கவில்லை. நாடகத்தில், கதவு திறக்கிறதைக் குரலால் காட்டவேணும். 'கதவு' எண்டதுக்கு நல்ல தமிழ் தேடிக்கொண்டு நிக்கிறதில்லை.

வடக்கின் பெரும் சமர் 1904 இல் தொடங்கினது. மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸும் அடிபடுற அந்த மட்சுக்கு இப்ப ஒலிபெருக்கியிலும் இணையத்திலும் தமிழ் வர்ணனை கேட்குது. அடுத்த முறை மைக் பிடிக்கிற தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். ஸ்கோரை ஓவர் முடிய ஒருக்காச் சொன்னால் காணும். இடையில் களத்தடுப்பாளர் ஒருவர் இடம் மாறினால், ஏன் மாத்தினவை எண்டு சொல்லுங்கோ. ஸ்லிப்பை எடுத்திட்டுக் கால்ப்பக்கம் எல்லைக்கு ஆளை அனுப்பினால் அடுத்த பந்து கட்டையாக விழப்போகுது எண்டு அர்த்தம். பந்து வர முதலே நேயருக்கு அது தெரிஞ்சிருக்கவேணும்.

'ரிவர்ஸ் ஸ்வீப்' எண்டதை என்னெண்டு சொல்லுறது எண்டு மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 'மட்டையைத் திருப்பிப் பிடிச்சு எதிர்ப்பக்கம் கூட்டினார்' எண்டு ஒருக்காச் சொல்லிப்பார்த்தன். பக்கத்தில் இருந்த ஆச்சி, "எங்க, விளக்குமாறாலயோ?" எண்டு கேட்டா. ஆனால் அவவுக்கு அடி விளங்கிட்டுது.