வெள்ளம் கொண்டுபோன சரக்குக்கும் வரி

நெய்வேலியில் வேலை பார்த்தவர்களுக்கு மழை புதிதில்லை. 2015 நவம்பரில் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்ததையும், குறிஞ்சிப்பாடிப் பக்கம் கிராமம் கிராமமாக மூழ்கியதையும் பார்த்திருக்கிறோம். ஆனால் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவனுக்கு ஒரு வசதி உண்டு. சரக்கு நனைந்தால் அது என் வீட்டுப் பணம் இல்லை. வவுச்சர் போட்டுக் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்திரா நகருக்கு வந்த பிறகுதான், சொந்தப் பணத்தில் கடை வைத்திருப்பவனின் வெள்ளக் கணக்கு எப்படி இருக்கும் என்று பார்த்தேன்.

என் மைத்துனன் கடலூரில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. சாத்தனூர் அணையைத் திறந்துவிட, தென்பெண்ணை கரை தாண்டியது. கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். கீழ் ராக்கில் இருந்த ஒயர் சுருள், சுவிட்ச் பெட்டி, ஃபேன், மோட்டார் எல்லாம் சேறு. கம்ப்யூட்டரும் மூழ்கியது. "மாமா, ஸ்டாக் எவ்வளவு இருந்ததுன்னு சொல்லவே வழியில்லை" என்று போனில் அழாத குறை.

வழி இருந்தது. கொள்முதல் விவரம் ஜி.எஸ்.டி. தளத்தில் GSTR-2B-யில் மாதவாரியாகக் கிடக்கிறது. விற்பனை அவனே போட்ட GSTR-1-இல் இருக்கிறது. மார்ச் மாத இருப்பு போன வருட வருமான வரிக் கணக்கில் இருக்கிறது. தண்ணீரால் தொட முடியாத இடங்கள். ஏப்ரல் 1 அன்று இருப்பு 9 லட்சம், அதன்பின் கொள்முதல் 31 லட்சம், விற்பனை 35 லட்சம், எல்லாம் வரி நீங்கலாக. அவனுடைய மொத்த லாபம் வருடா வருடம் விற்பனையில் 20 சதவீதம். ஆக விற்ற சரக்கின் அடக்கம் 28 லட்சம். நாற்பதிலிருந்து இருபத்தெட்டைக் கழித்தால் வெள்ளத்தன்று கடையில் 12 லட்சம். மேல் ராக்கில் தப்பியது 4 லட்சம். நனைந்தது 8 லட்சம். எதையும் குப்பையில் கொட்டாதே, சர்வேயர் பார்க்கட்டும், அதுவரை போட்டோ எடு என்றேன். கேட்டான்.

இங்கேதான் முதல் அடி. பாலிசியில் சரக்குக்குப் போட்டிருந்த தொகை 9 லட்சம். மூன்று வருடமாக அதே தொகையைப் புதுப்பித்திருக்கிறான். கடையில் 12 லட்சம் இருக்க 9 லட்சத்துக்குக் காப்பீடு என்றால், மீதி கால்பங்குக்கு நீயே காப்பீட்டாளர் என்று கம்பெனி சொல்லும். சிறு கடைகளுக்கான பாலிசியில் 15 சதவீதம் வரை குறைவிருந்தால் விட்டுவிடுகிறார்கள், இவனுடையது 25. நனைந்த 8 லட்சத்தில், 2 லட்சம் அடக்கமுள்ள ஃபேன், மோட்டாரைக் காயவைத்து உடைசல் விலைக்கு 1 லட்சத்துக்கு விற்றான். நிகர நஷ்டம் 7 லட்சம். அதில் முக்கால் பங்கு, 5,25,000 என்று பிப்ரவரியில் முடிந்தது. பாலிசியில் வழக்கமாகப் பிடிக்கும் சிறு தொகையை நான் இங்கே சேர்க்கவில்லை. "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

இரண்டாவது அடி ஜூலையில், வருமான வரிக் கணக்கு போடும்போது. ஆடிட்டர் கேட்டார்: "நஷ்டமான சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்டினீர்களா?" இவன் விழித்தான். நானும்தான். என் காலத்துக் கணக்கில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5)(h) பிரிவு சொல்வது இது: தொலைந்த, திருடுபோன, அழிந்த, கணக்கிலிருந்து தள்ளுபடி செய்த சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஏற்கெனவே எடுத்திருந்தால் GSTR-3B-யில் திருப்பிவிட வேண்டும். முற்றிலும் பாழானது 6 லட்சம். 18 சதவீதம் என்றால் 1,08,000. அந்த வரவைப் பயன்படுத்திய பிறகு தாமதமாகத் திருப்பினால் அதற்கு வட்டி வேறு. உடைசலுக்கு விற்ற 2 லட்சத்துச் சரக்குக்கு இது பொருந்தாது. அது அழியவில்லை, விற்கப்பட்டது; விற்ற விலைக்கு வரி கட்டினால் போதும். அதனால்தான் எது பாழ், எது உடைசல் என்று சர்வேயர் அறிக்கையிலேயே பிரித்து எழுதி வாங்க வேண்டும்.

இந்த 1,08,000-ஐ காப்பீட்டில் கேட்டிருக்கலாம். திருப்பிக் கட்டிய வரி சரக்கின் அடக்கத்தில் சேர்ந்துவிடுகிறது. ஆனால் அதற்கு இரண்டு வேண்டும்: திருப்பியதற்கான ஆதாரம் சர்வேயர் கையில் இருக்க வேண்டும், பாலிசித் தொகையே வரியையும் சேர்த்துப் போட்டிருக்க வேண்டும். 12 லட்சம் சரக்குக்கு வரியோடு 14,16,000. அப்படிப் போட்டிருந்தால் 8,08,000 நஷ்டத்துக்குக் கிட்டத்தட்ட முழுதும் வந்திருக்கும். இவன் கோரிக்கைப் படிவத்தில் வரி நீக்கிய விலையை எழுதினான். ஏனென்றால் வரி வரவு கையில் இருக்கிறது என்று நம்பினான்.

வருமான வரியில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. சரக்கு நஷ்டம் வியாபார நஷ்டம். காப்பீட்டுப் பணம் வியாபார வரவு. 7 லட்சமும் 1,08,000-மும் சேர்ந்து 8,08,000. அதில் 5,25,000 கழித்தால் 2,83,000, வருமானத்திலிருந்து கழியும். ஒரு பொறி இருக்கிறது. மார்ச் இருப்பை எண்ணும்போது வெள்ளத்தில் போனது தானாகவே குறைந்திருக்கும். தனியாகவும் நஷ்டம் எழுதினால் ஒரே இழப்பை இரண்டு முறை கழித்ததாகிவிடும். நனைந்த 8 லட்சத்தை வியாபாரக் கணக்கில் வரவு வைத்து, அங்கிருந்து வெள்ள நஷ்டக் கணக்குக்குக் கொண்டுபோவதுதான் முறை. அப்போது மொத்த லாபம் அதே 20 சதவீதத்தில் நிற்கும். திடீரென்று ஏன் குறைந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று 44AD பிரிவில் கணக்கு முடிக்கும் கடைக்காரருக்கு இந்தக் கழிவும் தனியாகக் கிடையாது. நல்லவேளை, இவன் புத்தகம் வைத்திருந்தான்.

இனி என் கருத்து. மைத்துனன் அந்த 1,08,000-ஐ ஒருமுறை சப்ளையரிடம் கட்டிவிட்டான். அது அரசுக்குப் போய்விட்டது. பொருளை வாங்கி அனுபவிப்பவன் சுமக்க வேண்டிய வரி இது என்றுதான் நமக்குச் சொன்னார்கள். அந்த ஒயரை அனுபவித்தது யார்? தென்பெண்ணையா? சட்டமோ, கடைக்காரனையே கடைசி நுகர்வோராக்கிவிடுகிறது. இது ஜி.எஸ்.டி. கொண்டுவந்த கொடுமையும் இல்லை. நம் மாநிலத்து பழைய வாட் சட்டம், இயற்கைச் சீற்றத்தில் போனாலும் வரவு கிடையாது என்று வார்த்தையிலேயே எழுதி வைத்திருந்தது.

மறுபக்கமும் எனக்குத் தெரியும். ஸ்டோர்ஸ் கணக்கு பார்த்தவன் நான். பில் இல்லாமல் விற்றுவிட்டு, வெள்ளத்தில் போனது என்று எழுதுகிறவர்கள் உண்டு. திருட்டுக்கும் காணாமல் போனதற்கும் கடுமை இருக்கட்டும். ஆனால் அரசே பேரிடர் பகுதி என்று அறிவித்த தாலுகாவில், உரிமம் பெற்ற சர்வேயர் அளந்து எழுதிய சரக்குக்கு மட்டுமாவது அந்த வரவை விட்டுவைக்கலாமே. காப்பீடு போட்ட கடைக்கு அந்த அறிக்கை எப்படியும் தயாராகிறது. யாருக்கும் கூடுதல் வேலை இல்லை.

மைத்துனன் 1,08,000-ஐயும் வட்டியையும் கட்டிவிட்டான். காப்பீட்டுக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். முழுத் தீர்வுக் கையெழுத்தைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். இந்த வருடம் பாலிசியை 15 லட்சத்துக்குப் போட்டிருக்கிறான், வரியையும் சேர்த்து. மோட்டாரெல்லாம் மேல் ராக்குக்குப் போய்விட்டன. இறக்க ஏணி வேண்டும் என்று கடைப்பையன் முணுமுணுக்கிறான்.