எந்த மொழி என்பது தப்பான கேள்வி

`Anne, semalam pay pannitten. Resit innum varala. Bila boleh dapat?`

பாரிட் புந்தாரில் இந்த மெசேஜைப் படித்துப் புரியாமல் நிற்கிற தமிழர் யாரும் இருக்க முடியாது. நேற்றே பணம் கட்டியாச்சு, ரசீது இன்னும் வரவில்லை, எப்போ கிடைக்கும்? அவ்வளவுதான் விஷயம். கிரியான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பேராக், அந்தப் பக்கம் நிபோங் தெபால், பினாங்கு. வயல்காரர், கடைக்காரர், பழைய தோட்டத்துப் பிள்ளைகள் என்று எல்லாரும் இப்படித்தான் தட்டச்சு செய்கிறார்கள். பத்து வார்த்தைகளில் ஐந்து மலாய், நான்கு தமிழ், ஒன்று ஆங்கிலம்.

இதே வரியை ஒரு நிறுவனத்தின் சாட்போட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். வாசலில் ஒரு காவலாளி நிற்பான். ‘இது எந்த மொழி?’ என்று பார்த்து, மலாய் என்றால் மலாய் பிராம்ப்டுக்கும், ஆங்கிலம் என்றால் ஆங்கில பிராம்ப்டுக்கும், தமிழ் என்றால் (அப்படி ஒரு கதவு இருந்தால்) தமிழ் மாடலுக்கும் அனுப்புவான். இதற்குப் பெயர் மொழி கண்டறிதலும் வழிமாற்றலும். தொழில்நுட்ப நண்பர்கள் இதைச் சின்ன வேலையாக நினைக்கிறார்கள். மொத்தக் கட்டமைப்பிலும் நம்மை அதிகம் காயப்படுத்துகிற இடம் இதுதான் என்று நான் சொல்கிறேன்.

காவலாளி எப்படிப் பார்க்கிறான்? அவனுக்கு அர்த்தம் தெரியாது. எழுத்துத் துணுக்குகளைத்தான் எண்ணுகிறான். `boleh` என்ற சொல்லில் `bol`, `ole`, `leh` இருக்கின்றன. பயிற்சிக்குக் கொடுத்த நூல்களில் இந்தத் துணுக்குகள் எந்த மொழியில் அதிகம் வந்தன என்று கணக்குப் போட்டு ஒரு பெயரைச் சொல்கிறான். பரவலாகப் பயன்படும் கருவிகளில் ஒன்று ஃபாஸ்ட்டெக்ஸ்ட்டின் `lid.176.bin`. 176 மொழிகள் அறிந்தது, அதில் தமிழும் உண்டு. ஆனால் அது தமிழைக் கற்றது விக்கிப்பீடியா போன்ற இடங்களிலிருந்து. அங்கே தமிழ் தமிழ் எழுத்தில்தான் இருக்கும். அதனால் அந்தக் கருவிக்குத் தமிழ் என்றால் யூனிகோடில் `U+0B80` முதல் `U+0BFF` வரையுள்ள எழுத்துகள். `innum varala` அதன் கண்ணில் தமிழே இல்லை. எழுத்தைப் பார்த்து ஆளை முடிவு செய்கிறது.

சரி, தமிழ் இல்லை என்றால் ‘தெரியவில்லை’ என்றாவது சொல்லுமா? அதுவும் கிடையாது. இப்படிப்பட்ட கருவிகள் தம்மிடம் உள்ள பெயர்களுக்குள் நூறு சதவீதத்தைப் பங்கு பிரித்தே ஆக வேண்டும். மலாய்க்குக் கொஞ்சம், இந்தோனேசிய மொழிக்குக் கொஞ்சம் என்று பிரித்துவிட்டு, பெரிய பங்கு விழுந்த பெயரை நீட்டும். பக்கத்தில் 0.7 என்று ஓர் எண் வரும். அதைப் பார்த்து ‘எழுபது சதவீதம் உறுதி’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். தன் பட்டியலில் உள்ளவற்றில் எது பொருத்தம் என்பதுதான் அந்த எண். பட்டியலே தப்பாக இருந்தால் எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

மெசேஜ் சின்னதாக இருந்தால் இன்னும் மோசம். `ini` மலாயில் ‘இது’, தமிழில் ‘இனி’. `tali` மலாயில் கயிறு, நம் வீட்டில் தாலி. `padi` மலாயில் நெல். கிரியான் வட்டாரமே அந்தச் சொல்லில்தான் பிழைக்கிறது. தமிழில் அது படிப்பதும், மாடிப் படியும், அளக்கிற படியும். மூன்று நான்கு எழுத்தை வைத்து மொழியைச் சொல்வது பந்தயம் கட்டுகிற மாதிரி.

இனி நம் பத்து வார்த்தையைப் பின்தொடர்வோம். மலாய்ச் சொற்கள் அதிகம், எனவே மலாய் கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் உள்ள பிராம்ப்ட், ‘வாடிக்கையாளர் மலாயில் எழுதுகிறார், மலாயில் மட்டும் பதில் சொல்’ என்கிறது. பின்னால் தமிழ் தெரியாத சின்ன மாடல் இருக்கிறது என்று வையுங்கள். அதற்குப் புரிகிற சொற்கள் `semalam`, `resit`, `bila boleh dapat`. நேற்று, ரசீது, எப்போது கிடைக்கும். ரசீது பெறும் வழிமுறையை அழகாக ஐந்து வரியில் அனுப்பிவைக்கிறது. தொலைந்துபோனது எது? ‘பண்ணிட்டேன்’, ‘வரல’. முடிந்த வினையும் எதிர்மறையும். புகாரின் முதுகெலும்பே அந்த இரண்டு தமிழ்ச் சொற்களில்தான் இருந்தது. கலந்து பேசுகிறவர்கள் சும்மா அள்ளித் தெளிப்பதில்லை. பெயர்ச்சொல்லை ஊரிலிருந்து எடுத்துக்கொள்கிறோம், வினையை வீட்டில் வைத்துக்கொள்கிறோம். சொற்களை எண்ணினால் மலாய் ஜெயிக்கும். வாக்கியத்தைத் தாங்குவது எது என்று பார்த்தால் விடை வேறு.

ஆள் பொறுமையாக `ok tq` என்று அனுப்புகிறார். இப்போது ஆங்கிலக் கதவு. அடுத்து `illa la, number salah`. அது எந்தக் கதவுக்குப் போகும் என்று எனக்கும் தெரியாது, எழுதிய பொறியாளருக்கும் தெரியாது. மூன்று மெசேஜ், மூன்று மொழியில் பதில். பேசுகிறவர் ஒருவர்தான், விஷயமும் ஒன்றுதான்.

‘தமிழை ரோமன் எழுத்தில் கண்டறியும் கருவி வந்துவிட்டதே’ என்பார்கள். வந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஏஐ4பாரத் 2023இல் `IndicLID` என்ற ஒன்றை வெளியிட்டது. 22 இந்திய மொழிகளை அவற்றின் சொந்த எழுத்திலும் ரோமன் எழுத்திலும் அடையாளம் காண்பதற்கானது. நல்ல வேலை. ஆனால் அந்த 22இல் மலாய் இல்லை, ஏன் இருக்க வேண்டும்? யூடியூப் கருத்துகளிலிருந்து தொகுக்கப்பட்ட தமிழ் ஆங்கிலக் கலப்புத் தரவுகளும் உண்டு. அவற்றில் கலப்பது ஆங்கிலம்தான். கூகிளின் `CLD3`இல் ரோமன் எழுத்து இந்திக்கு `hi-Latn` என்று தனிப்பெயர் இருக்கிறது, சீனத்துக்கு `zh-Latn` இருக்கிறது, தமிழுக்கு இல்லை. மலேசியாவிலேயே உருவான ‘மலாயா’ என்ற மென்பொருள் தொகுப்பின் முந்தைய மொழி கண்டறியும் மாடலில் ஆறு பெயர்கள்: `eng`, `ind`, `malay`, `manglish`, `other`, `rojak`. மங்லீஷுக்கு இடம் உண்டு, ரோஜாக்குக்கும் இடம் உண்டு. தமிழ் என்று ஒரு பெயர் இல்லை. பாரங்களில் ‘லாயின் லாயின்’ கட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு `other` என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

ஆக, இவற்றில் மலாய் தெரிந்த கருவிக்கு ரோமன் தமிழ் தெரியாது. ரோமன் தமிழ் தெரிந்த கருவிக்கு மலாய் தெரியாது. பாரிட் புந்தார்க்காரர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்.

இங்கே நம் இலக்கிய நண்பர்கள் குறுக்கே வருவார்கள். ‘தமிழைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இந்தப் பிரச்சினையே இல்லையே. மொழியைக் கெடுத்துவிட்டு மெஷினைக் குறை சொல்லலாமா?’ நான் இந்த வாதத்தோடுதான் அதிகம் சண்டை போட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இது நம் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. கட்டுரையைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள், கவிதையை எழுதுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் ரசீது வராத மனிதனிடம் போய் எழுத்துச் சீர்திருத்தம் பேசாதீர்கள். தேசியப் பள்ளியில் படித்த எத்தனையோ தமிழர்களுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து வாசிக்க வராது. தமிழ்ப்பள்ளி என்பதே ஆறாண்டுப் படிப்புதான். அவர்கள் எழுதுகிற `innum varala` தமிழ் இல்லை என்று சொல்வதில் தூயவாதியும் `lid.176.bin`உம் ஒரே கட்சி.

கண்டறிதல் நூறு சதவீதம் சரியாக இருந்தாலும் போதாது என்பதும் இங்கேதான் தெரிகிறது. ‘ஆ, இது தமிழ்!’ என்று கண்டுபிடித்து, தமிழ் எழுத்தில் பத்தி பத்தியாகப் பதில் அனுப்பினால் அந்த மனிதர் என்ன செய்வார்? மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார். ‘இது எந்த மொழி?’ என்பது தப்பான கேள்வி. ‘இவருக்கு எந்த மொழியில், எந்த எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்?’ என்பதுதான் கேள்வி. முதலாவதற்கு விடை மெசேஜில் இருக்கலாம். இரண்டாவதற்கு விடை ஆளிடம் இருக்கிறது.

அப்படியானால் செய்ய வேண்டியது கடினமில்லை. தமிழ் எழுத்தில் வந்தால் சந்தேகமே இல்லை, தமிழில் பதில் சொல்லுங்கள். ரோமனில் வந்தால் ஒற்றை மெசேஜை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். அந்த உரையாடலை முழுதாகப் பாருங்கள். கலந்ததை அப்படியே வாசிக்கத் தெரிந்த பெரிய மாடல் பின்னால் இருக்கிறதென்றால் வாசலில் காவலாளி எதற்கு? மெசேஜை உள்ளே விடுங்கள். சின்ன மாடலோ, மொழிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்திருக்கும் மனித ஊழியர்களோ இருந்தால் பிரிக்கத்தான் வேண்டும். அப்போது சந்தேகம் வந்தால் ஒரே ஒருமுறை கேளுங்கள்: தமிழ், `Tamil (rumi)`, மலாய், ஆங்கிலம். சொன்னதை நினைவில் வையுங்கள். அடுத்த மெசேஜ் `ok tq` என்று வந்தாலும் மாற்றாதீர்கள். அவரே மாற்றச் சொன்னால் மாற்றுங்கள்.

‘எங்கள் கருவி 96 சதவீதம் சரி’ என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். நூறு மெசேஜில் தொண்ணூறு மலாய், ஆறு ஆங்கிலம், நான்கு ரோமன் தமிழ் என்று வையுங்கள். அந்த நான்கும் தப்பாகப் போனாலும் 96 வந்துவிடும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனிக் கணக்கு கேட்க வேண்டும். ஒரே ஆள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறாரா, ஓர் உரையாடலுக்குள் பதிலின் மொழி தாவுகிறதா என்று பதிவுகளில் பார்க்க வேண்டும்.

இதைவிட மோசமான தடயம் ஒன்று உண்டு, அது கண்ணுக்கே தெரியாது. இரண்டு முறை தப்பான பதில் வாங்கியவர் மூன்றாம் முறை முழு மலாயில் எழுதுகிறார். பதில் வருகிறது. அடுத்த மாதம் முதல் மெசேஜே மலாய்தான். ஆண்டு இறுதியில் யாரோ பதிவுகளை எண்ணி, ‘தமிழில் யாரும் எழுதவில்லை, தமிழ்க் கதவு தேவையில்லை’ என்று முடிவெடுக்கிறார். அந்த எண்ணிக்கையில் பொய் இல்லை. கதவை மூடி வைத்துவிட்டு, யாரும் நுழையவில்லை என்று சொல்கிற உண்மை அது. இந்த நாட்டில் நாம் இதை முதல்முறையாகக் கேட்கவில்லை.

ஆகவே தமிழ்க் கதவு தேவையில்லை என்கிறவர்கள் முதலில் தங்கள் சோதனைத் தரவைக் காட்டட்டும். அதில் பாரிட் புந்தாரில் எழுதப்படுகிற மாதிரி எத்தனை மெசேஜ் இருந்தது? மூன்று மொழியும் தெரிந்த ஆள் உட்கார்ந்து பெயரிட்டாரா? இருநூறு மெசேஜ் போதும், அனுமதி கேட்டு வாங்கி, இந்த ஓட்டையைப் பார்க்க. அதைக்கூடச் செய்யாதவர் யாரும் எழுதவில்லை என்று சொல்ல லாயக்கில்லை.