48 டிக், மூணு பர்சன்டேஜ்!

ஒரு சின்ன புதிர். 48 பேர் ஒரு கட்டத்தை டிக் பண்ணியிருக்காங்க. அது எத்தனை சதவீதம்? எங்க காலேஜ் பஸ் சர்வேல இதுக்கு மூணு விடை வந்துச்சு. 20, 35, 57. மூணுமே கால்குலேட்டர் சொன்ன விடைதான். இதுல ஒண்ணை நான் தப்பா எடுத்துக்கிட்டுப் போயிருந்தா, இன்னைக்கும் லேப் முடிச்சுட்டு டவுன் பஸ் படிக்கட்டுல தொங்கிட்டிருப்போம்.

விஷயம் இதுதான். எங்களுக்கு சாயங்கால லேப் 4.45-க்கு முடியும். காலேஜ் பஸ் 4.30-க்கே கிளம்பிடும். டிரான்ஸ்போர்ட் பார்த்துக்கிற சார்கிட்ட போய் நின்னோம். "சும்மா எல்லாருக்கும் கஷ்டம்னு சொல்லக் கூடாதுப்பா. எத்தனை பேருக்குன்னு எழுதிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை மீட்டிங்ல பேசறேன்"னார். சரின்னு ஆன்லைன்ல ஒரு சர்வே போட்டோம். 240 பேர் பதில் அனுப்பினாங்க.

நாலாவது கேள்வி: காலேஜ் பஸ்லதான் வர்றீங்களா? 'ஆம்'னு சொன்னவங்க 150 பேர், 'இல்லை' 90 பேர். அஞ்சாவது கேள்வி அந்த 90 பேருக்கு மட்டும் திரையில வரும்: ஏன் வர்றதில்லை? பொருந்துறதை எல்லாம் டிக் பண்ணலாம். கட்டணம் அதிகம், எங்க ஊருக்கு ரூட் இல்லை, லேப் முடியறதுக்குள்ள பஸ் போயிடுது, கூட்டம், உட்கார இடமில்லை, மற்றவை. மொத்தம் அஞ்சு.

வியாழக்கிழமை ராத்திரி ஃபைலை டவுன்லோடு பண்ணி எக்ஸெல்ல திறந்தேன். அஞ்சாவது கேள்விக்கு ஒரு காலம் இருக்கும்னு பார்த்தா, அஞ்சு காலம் இருக்கு! (நேரம் காலம் இல்லைங்க, எக்ஸெல் காலம்.) முதல் வரியில கேள்வி, ரெண்டாவது வரியில ஒவ்வொரு காலத்துக்கு மேலயும் ஒரு ஆப்ஷன் பேரு. டிக் பண்ணியிருந்தா அந்தக் கட்டத்துல ஆப்ஷன் பேரு இருக்கு, இல்லேன்னா வெறும் கட்டம்.

ஏன் இப்படிப் பிரிக்கிறாங்க?

ஒரே ஒரு விடை தேர்ந்தெடுக்கிற கேள்வின்னா ஒரு ஆளுக்கு ஒரு கட்டம் போதும். டிக் பாக்ஸ்ல ஒருத்தர் ஒண்ணும் தொடாமப் போகலாம், அஞ்சையும் தொடலாம். அதனால சர்வே சாஃப்ட்வேர் அதை அஞ்சு தனித்தனி ஆமா-இல்லை கேள்வியா நினைச்சு அடுக்குது. சர்வே மங்கி மாதிரி சிலதுல கட்டத்துக்குள்ள ஆப்ஷன் பேரே வரும். லைம் சர்வேல காலம் தலைப்பு `Q5[SQ001]` மாதிரி இருக்கும், உள்ளே `Y`னு வரும். இன்னும் சிலதுல 1, 0. கூகுள் ஃபார்ம்ஸ் மட்டும் உல்ட்டா. அதோட ஷீட்ல எல்லா டிக்கையும் கமா போட்டு ஒரே கட்டத்துல திணிச்சிடும்.

எங்க பிரச்னையே அங்கதான். போன வருஷம் சீனியர்ஸ் இதே சர்வேயை கூகுள் ஃபார்ம்ஸ்ல எடுத்திருந்தாங்க. அதுல ஒரு காலம், நம்மகிட்ட அஞ்சு காலம். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்னா நம்ம அஞ்சையும் ஒண்ணாச் சுருக்கணும். சுருக்கினா இன்னொரு லாபமும் உண்டு. ஒரு ஆள் எதையெல்லாம் சேர்த்து டிக் பண்ணியிருக்கார்னு ஒரே பார்வையில தெரியும்.

வெறும் கட்டம் சொல்ற ரெண்டு கதை

`TEXTJOIN` போட்டு ஒட்டினேன், அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சது. லேப் ஆப்ஷனை எண்ணினா 48. மொத்தம் 240. ஆக, 20 சதவீதம். "அவ்வளவுதானா?"ன்னு எனக்கே சப்புன்னு ஆயிடுச்சு. ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் ஃபைனல் இயர் அண்ணாகிட்ட காட்டினேன். அவர் ஸ்க்ரோல் பண்ணிட்டே, "ஏன்டா இவ்ளோ கட்டம் காலியா இருக்கு? இவங்க எல்லாம் யாரு?"ன்னார்.

அப்பதான் உறைச்சது. ஒட்டின காலம்ல 156 கட்டம் காலி. அதுல 150 பேர் பஸ்ல வர்றவங்க. அவங்களுக்கு அந்தக் கேள்வியே வரலை! மிச்சம் 6 பேர் கேள்வியைப் பார்த்துட்டு எதையும் தொடாமப் போனவங்க. 'கேட்கலை'ங்கிறது வேற, 'கேட்டும் சொல்லலை'ங்கிறது வேற. நான் ரெண்டையும் ஒரே வெற்றிடமா ஆக்கிட்டு, கேள்வியே கேட்காத 150 பேரையும் வகுத்தல்ல சேர்த்திருக்கேன்.

அதனால ஒட்டும்போதே பிரிச்சு எழுதணும். B காலம்ல நாலாவது கேள்வி, C முதல் G வரை அஞ்சு ஆப்ஷன், மூணாவது வரியில இருந்து பதில்கள்னு வெச்சுக்கோங்க. H3-ல இதைப் போடுங்க:

```
=IF(B3="ஆம்","பொருந்தாது",
 IF(COUNTA(C3:G3)=0,"விடையில்லை",
 TEXTJOIN("|",TRUE,IF(C3:G3<>"",C$2:G$2,""))))
```

படிச்சா ஈஸிதான். பஸ்ல வர்றவர்னா 'பொருந்தாது'. அஞ்சும் காலின்னா 'விடையில்லை'. மத்தபடி எந்தக் கட்டத்துல ஏதாவது இருக்கோ, அதுக்கு மேல ரெண்டாவது வரியில இருக்கிற ஆப்ஷன் பேரை எடுத்து ஒட்டு. கட்டத்துல இருக்கிறதையே ஒட்டாம தலைப்பை ஒட்டுறதுக்குக் காரணம் 'மற்றவை'. அங்க ஒருத்தர் "அண்ணன் பைக்ல வர்றேன்"னு எழுதியிருப்பார், இன்னொருத்தர் அரைப் பக்கம் புலம்பியிருப்பார். எண்ணும்போது அது எல்லாமே 'மற்றவை'தான். அவங்க எழுதினது G காலம்ல அப்படியே பத்திரமா இருக்கும், தனியா உட்கார்ந்து படிச்சுக்கலாம்.

`TEXTJOIN` எக்ஸெல் 2019-ல இருந்துதான் உண்டு. 2019 வெர்ஷன்லயும் லிப்ரே ஆபீஸ்லயும் இந்த ஃபார்முலாவை வெறும் என்டர் தட்டாம, கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூணையும் சேர்த்துத் தட்டணும். கூகுள் ஷீட்ல மொத்தத்தையும் `ARRAYFORMULA`-க்குள்ள போடணும். இன்னொரு கண்ணி வெடி: உங்க ஃபைல்ல 1, 0-ன்னு இருந்தா, 0 காலிக் கட்டம் இல்லையே! இதே ஃபார்முலா எல்லாரும் எல்லாத்தையும் டிக் பண்ணின மாதிரி காட்டிடும். அங்க `<>""`-க்கு பதிலா `=1`, `COUNTA`-வுக்கு பதிலா `SUM`.

கமா பண்ணின கலாட்டா

நடுவுல அந்தக் குட்டிக் கோடு எதுக்கு? சொல்றேன். போன வருஷ ஃபைல் மாதிரியே இருக்கட்டும்னு நான் முதல்ல கமா போட்டுத்தான் ஒட்டினேன். சரியா வந்திருக்கான்னு பார்க்க, கமா வர்ற இடத்துல திரும்பப் பிரிச்சு எண்ணினேன். ஒட்டறதுக்கு முன்னாடி மொத்த டிக் 137. பிரிச்ச பிறகு 164! எங்கேர்ந்து வந்தது கூடுதலா 27?

'கூட்டம், உட்கார இடமில்லை'. ஆப்ஷனுக்குள்ளயே ஒரு கமா! அதை டிக் பண்ணினவங்க சரியா 27 பேர். ஒவ்வொருத்தரும் 'கூட்டம்'னு ஒண்ணு, 'உட்கார இடமில்லை'ன்னு ஒண்ணு, ரெண்டா உடைஞ்சுட்டாங்க. அதான், யாரும் ஆப்ஷன்ல எழுத மாட்டாங்கன்னு நிச்சயமாத் தெரியிற குறியாப் பார்த்து அந்தக் கோட்டைப் போட்டேன்.

போன வருஷ ஃபைல்லயும் இதே ஆப்ஷன், இதே கமா. அதைச் சரி பண்ண வரிசை முக்கியம். முதல்ல அந்த ஆப்ஷன் பேர்ல இருக்கிற கமாவை மட்டும் ரீப்ளேஸ் பண்ணி எடுத்துடணும். அப்புறம்தான் மிச்சக் கமாவைக் கோடா மாத்தணும். மாத்திப் பண்ணினா திரும்ப ஒட்ட வைக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும். நம்ம ஃபைல் தலைப்புலயும் அதே கமாவை எடுத்துட்டேன், ரெண்டு வருஷமும் ஒரே பேர்ல இருக்கணுமே.

ஒரே ஒரு செக்

ஃபார்முலாவை இழுத்து விட்டதும் நம்பிடாதீங்க. ஒட்டறதுக்கு முன்னாடி `=COUNTA(C3:G242)` போட்டா 137 வரணும். ஒட்டின பிறகு கோடுகளை எண்ணுங்க:

```
=SUMPRODUCT(LEN(H3:H242)
 -LEN(SUBSTITUTE(H3:H242,"|","")))
```

எனக்கு 53 வந்துச்சு. ஒரு ஆள் மூணு டிக் பண்ணினா நடுவுல ரெண்டு கோடு. அதாவது ஆளுக்கு ஒரு கோடு கம்மி. பதில் சொன்னவங்க 84 பேர். 53-ஐயும் 84-ஐயும் கூட்டுங்க. 137! ஒரு டிக் கூட தொலையலை, ஒண்ணு கூட புதுசா முளைக்கலை.

இப்ப அந்த மூணு பர்சன்டேஜுக்கு வருவோம். 48-ஐ 240-ஆல வகுத்தா 20. இதுல கேள்வியே கேட்காதவங்க உள்ளே இருக்காங்க. 137-ஆல வகுத்தா 35. இது டிக்குகள்ல பங்கு, ஆட்கள்ல இல்லை. நிறைய டிக் பண்ணினவர் நிறைய ஓட்டுப் போட்ட மாதிரி ஆயிடும். 84-ஆல வகுத்தா 57. காரணம் சொன்ன ஒவ்வொரு நூறு பேர்லயும் 57 பேருக்கு பஸ் நேரம்தான் பிரச்னை. சார் கேட்டது இதைத்தான். ஒருத்தரே பல டிக் பண்ணலாம்கிறதால அஞ்சு ஆப்ஷனோட சதவீதத்தையும் கூட்டினா நூறைத் தாண்டும். பயந்துடாதீங்க, அது தப்பில்லை.

ஒரு குறையை மட்டும் என்னால சரி பண்ண முடியலை. 'விடையில்லை'ன்னு இருக்கிற அந்த 6 பேர். அவங்களுக்கு எந்தக் காரணமும் பொருந்தலையா, இல்லை சோம்பேறித்தனமாத் தாண்டிப் போயிட்டாங்களா? ஃபைலைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. சர்வே போடும்போதே 'இதில் எதுவும் இல்லை'ன்னு ஒரு ஆப்ஷன் வெச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். அடுத்த தடவை வைப்போம்.

அப்புறம், சுருக்கின கையோட அந்த அஞ்சு காலத்தையும் டெலிட் பண்ணிடாதீங்க. ஒட்டின காலம் படிக்கிறதுக்கும் சேர்த்துப் பார்க்கிறதுக்கும்தான். ஒவ்வொரு ஆப்ஷனையும் எண்ண பழைய காலமே வசதி. அசல் ஃபைலைத் தொடாம, ஒரு காப்பி எடுத்து வேலை பாருங்க.

வெள்ளிக்கிழமை மீட்டிங். பேப்பரை வாங்கின சார் முதல் கேள்வியா, "240 பேர்ல 48 தானேப்பா?"ன்னார். "இல்ல சார், அதுல 150 பேர் பஸ்ல வர்றவங்க, அவங்ககிட்ட இந்தக் கேள்வியே கேட்கலை. காரணம் சொன்ன 84 பேர்ல 48"னேன். கண்ணாடியைக் கழட்டிட்டு ஒரு தடவை பேப்பரைப் பார்த்தார். "சரி, லேப் இருக்கிற நாள்ல ஒரு வண்டியை அஞ்சு மணிக்கு எடுத்துப் பார்க்கலாம். ஒரு மாசம்"னார்.

இப்ப அந்த ஒரு மாசம் ஓடிட்டிருக்கு. அஞ்சு மணி பஸ்ல ஜன்னல் சீட்ல உட்கார்ந்துதான் இதை எழுதறேன். முடிஞ்சதும் அடுத்த சர்வே உண்டு. இந்த முறை ஆப்ஷனுக்குள்ள கமா போடறவங்களுக்கு கேன்டீன் செலவு!