பாட்டு ஏன் 14 நாளில் நின்றது?



2018 மார்ச்சில், திகன கலவர நேரம் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டபோதுதான் நம்மில் பலர் முதன்முதலாக வீபீஎன் போட்டோம். 2019இலும் 2022 ஏப்ரலிலும் மறுபடி தேவைப்பட்டது. தடை எப்போதோ போய்விட்டது. வீபீஎன் மட்டும் இன்னும் பலர் போனில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அது சிங்கப்பூர் சேர்வரில் நிற்கும்போது ஒரு பிள்ளை ஸ்பொட்டிஃபையில் இலவசக் கணக்குத் திறந்தால், கணக்கின் நாடு சிங்கப்பூர் என்றே பதிவாகும். பிறகு வீபீஎன்னை அணைத்தால், பல்லேகமயில் இருக்கும் பிள்ளை வெளிநாட்டுப் பயணியாகத் தெரியும். இலவசக் கணக்கை வெளிநாட்டில் 14 நாள்தான் பாவிக்கலாம். அதன்பின் உள்ளே போகவே விடாது. நாமோ பாஸ்வேர்டையும் சிக்னலையும் குறை சொல்கிறோம்.

வீபீஎன்னை அணைத்துவிட்டு, பிரவுசரில் கணக்குப் பக்கத்துக்குப் போய், சுயவிபரத்தில் நாட்டை இலங்கை என்று மாற்றிச் சேமித்தால் போதும். வீபீஎன் ஓடும்போது செய்தால் அந்தப் பட்டியலில் இலங்கை வராது.

இதுவரை தெரியாமல் நடந்த பிழை. மலிவு என்று வீபீஎன் வழியாக வேறு நாட்டுச் சந்தா வாங்கித் தருபவர்களிடம் காசு கொடுப்பதை நாம் ஏற்கமாட்டோம். நாட்டுக் கட்டுப்பாட்டை ஏமாற்றுவது அவர்களின் விதிமுறைக்கு மாறு, கணக்கையே நிறுத்தலாம். அப்போது வருடக்கணக்கில் சேர்த்த பாட்டுப் பட்டியலும் போகும், கொடுத்த காசும் போகும். விற்றவரின் நம்பர் அதற்குமுன் மாறியிருக்கும்.