காலையில் 94, பகலில் 59: வீதியில் நெல் காயப்போடுபவர்களுக்கு



போன சிறுபோக அறுவடை நேரம். ளுஹர் முடிந்து வரும் வழியில், வீதியோரம் நெல் காயப்போட்டிருந்த மாமா ஒருவர் எங்களை மறித்துப் போனைக் காட்டினார். "காலையில ஈரப்பதன் 94 வீதம் எண்டு கிடந்த. இப்ப பாருங்க மகன், 59. காத்து காஞ்சிட்டு, இண்டைக்கு மழ இல்ல." அஸர் தொழுதுவிட்டு வெளியே வரும்போது நெல் முழுவதும் நனைந்து கிடந்தது. பிழை மாமாவில் இல்லை. அந்த எண் என்ன சொல்கிறது என்பதை வகுப்பில் வரைவிலக்கணமாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கடந்து போகும் எங்களிலும் பங்குண்டு.

போன் காட்டும் வீதம் சாரீரப்பதன். அந்த வெப்பத்தில் காற்றில் இருக்கக்கூடிய நீராவியில் எத்தனை வீதம் இப்போது இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். வெயில் ஏற ஏற, இருக்கக்கூடிய அளவும் கூடுகிறது. நீராவி அப்படியே இருந்தாலும் வீதம் இறங்கிவிடும். அன்று காலை வெப்பநிலை 25 பாகை, பகல் 33 பாகை. 94, 59 என்ற இரண்டுக்கும் கணக்குப் பார்த்தால் பனிபடுநிலை ஒன்றேதான்: 24 பாகை. காற்றிலிருந்த நீராவி குறையவேயில்லை.

பனிபடுநிலை என்பது காற்றைக் குளிரவிட்டால் எந்த வெப்பநிலையில் நீர் படியத் தொடங்குமோ அதுதான். இதை வீட்டிலேயே அளக்கலாம். பளபளப்பான ஒரு தகர டின்னில் தண்ணீர் விட்டு, வெப்பமானியை வைத்து, ஐஸைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்குங்கள். டின்னின் வெளிப்பக்கம் மங்கும்போது வெப்பநிலையைப் பாருங்கள். ஐஸை அவசரப்பட்டுப் போட்டால் எண் குறைவாக வரும். அதனால் மங்கல் மறையும்போதும் ஒருமுறை பார்த்து, இரண்டுக்கும் நடுவை எடுக்க வேண்டும். டின்னுக்குக் கிட்ட நின்று மூச்சு விடக் கூடாது. எங்கள் பிள்ளைகள் முதல் நாள் செய்த பிழை அது.

இந்த எண்ணுக்கும் முகிலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நிலம் சூடாகி மேலெழும் காற்று குளிர்ந்து முகிலாகும் உயரத்தைக் கிட்டத்தட்டக் கணிக்கலாம். வெப்பநிலைக்கும் பனிபடுநிலைக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பாகைக்கு 125 மீற்றர். அன்று வித்தியாசம் 9 பாகை, முகிலின் அடி ஏறத்தாழ 1,100 மீற்றரில். கச்சான் அடித்து 36 பாகை வெயிலும் 20 பாகை பனிபடுநிலையுமாக இருக்கும் நாளில் அது 2,000 மீற்றருக்குப் போய்விடும். அப்படியான நாளில் முகில் கட்டுவது கடினம், நெல்லும் நன்றாகக் காயும்.

ஆனால் நீராவி இருந்தால் மட்டும் மழை வராது, அது உயர எழ வேண்டும். அதைக் காட்டுவது வானம். எங்கள் கரையில் பகலில் பார்க்க வேண்டியது கடலை அல்ல, மேற்கை. இங்கினியாகல மலைப் பக்கத்தை. பத்து மணிக்கு அடி தட்டையான சிறு பஞ்சுப் பொதிகள் தெரிந்தால் அவை திரள் முகில்கள். அவை அகலத்தில் பரந்து கிடந்தால் பயமில்லை. பன்னிரண்டு, ஒரு மணிக்குள் அகலத்தைவிட உயரம் கூடி, தலை கோவாப்பூ போலக் கூர்மையான விளிம்போடு பொங்கினால் அது வளர்கிறது. அந்தத் தலை கலைந்து, நார் நாராகத் தட்டையாய் விரிந்தால் அங்கே மழை தொடங்கிவிட்டது. வளிமண்டலவியல் திணைக்களம் ஊவா, கிழக்கு மாகாணங்களுக்குப் பிற்பகல் 2 மணிக்குப் பின் இடியுடன் மழை என்று அடிக்கடி சொல்வது இந்த முகிலைத்தான்.

எங்கள் அபிப்பிராயம் இதுதான்: நெல்லைக் கூட்ட வேண்டிய நேரம் கோவாப்பூ தெரியும் நேரம். மேற்கிலிருந்து திடீரெனக் குளிர்காற்று வீசும்வரை காத்திருந்தால் கையில் பத்துப் பதினைந்து நிமிடம்தான் மிஞ்சும். அதற்குள் எத்தனை மூடை கட்டலாம்? சில நாள் அந்த முகில் வரும் வழியிலேயே கரைந்துவிடும், வீணாகக் கூட்டினோம் என்று வீட்டில் ஏச்சும் கிடைக்கும். நனைந்த நெல்லை மறுபடி 14 வீத ஈரத்துக்குக் கொண்டுவரும் கஷ்டத்தை நினைத்தால் அந்த ஏச்சு பரவாயில்லை.

மாரியில் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். நவம்பர், டிசம்பரில் வானம் முழுக்கச் சாம்பல் நிறப் படை முகில் மூடி, மழை கடல் பக்கமிருந்து இரவிலும் விடியலிலும் வரும். அப்போது திணைக்கள அறிவித்தலைத்தான் கேட்க வேண்டும்.

அந்த மாமா இப்போது போனைக் காட்டுவதில்லை. "மேக்கால கோவா பூத்திட்டா?" என்றுதான் எங்களைக் கேட்கிறார்.