எந்த நாட்டுக்காரர் என்று யார் சொல்வது?

குடியுரிமை பற்றிய விவாதம் எங்கே கிளம்பினாலும், 1955-ல் தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் அளித்த நோட்டேபோம் தீர்ப்பை ஒருவர் எடுத்துவைப்பார். ஒரு மனிதருக்கும் ஒரு நாட்டுக்கும் மெய்யான பிணைப்பு இல்லையென்றால் அந்தக் குடியுரிமையே செல்லாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னதாகப் பலரும் நம்புகிறார்கள். அது அப்படிச் சொல்லவில்லை. சொன்னது என்ன, அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதைத் தெரிந்துகொள்ள அந்த வழக்குக்குள்ளேயே போக வேண்டும்.

ஃப்ரீட்ரிக் நோட்டேபோம் 1881-ல் ஹாம்பர்க்கில் பிறந்த ஜெர்மானியர். 1905-ல் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவுக்குப் போய் அங்கேயே தொழிலை வளர்த்தார். சொத்தும் வாழ்க்கையும் அங்கேதான். ஆனால் அந்த நாட்டின் குடியுரிமையை அவர் கேட்கவே இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஜெர்மானியராகவே இருந்தார். 1939 செப்டம்பரில் ஐரோப்பாவில் போர் மூண்டது. அப்போது ஐரோப்பாவில் இருந்த அவர் அக்டோபர் 9-ம் தேதி லீக்டன்ஸ்டைன் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். அவருடைய சகோதரர் ஒருவர் அந்தக் குட்டி நாட்டில் வசித்துவந்தார்.

அங்கே மூன்றாண்டு வசித்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த நிபந்தனையிலிருந்து அவர் விலக்குக் கேட்டார். மௌரன் என்ற ஊராட்சிக்கு 25,000 சுவிஸ் ஃபிராங்க், அரசுக்கு 12,500 ஃபிராங்க், ஆண்டுதோறும் 1,000 ஃபிராங்க் வரி, அதற்கு ஈடாக 30,000 ஃபிராங்க் வைப்புத்தொகை என்று கணக்கு முடிந்தது. அக்டோபர் 20-ம் தேதி விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். விண்ணப்பத்திலிருந்து பிரமாணம் வரை இரண்டு வாரம்கூட ஆகவில்லை. புதுப் பாஸ்போர்ட்டில் ஜூரிக்கில் இருந்த குவாத்தமாலா துணைத்தூதர் விசா குத்தித் தந்தார். 1940-ல் அவர் பழையபடி தன் தொழிலுக்குத் திரும்பினார்.

1941 டிசம்பரில் குவாத்தமாலாவும் ஜெர்மனிமீது போர் அறிவித்தது. 1943-ல் நோட்டேபோம் எதிரி நாட்டவராகக் கைது செய்யப்பட்டு, அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டார். 1946 வரை அங்கே தடுப்புக்காவலில் இருந்தார். விடுதலையானபின் குவாத்தமாலா அவரை உள்ளே விடவில்லை. 1949-ல் சொத்துகளையும் எடுத்துக்கொண்டது. எங்கள் குடிமகனுக்கு அநியாயம் நடந்தது என்று லீக்டன்ஸ்டைன் 1951-ல் வழக்குப் போட்டது.

பதினொரு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக, அந்த வழக்கை ஏற்க முடியாது என்று முடிவானது. யாருக்குக் குடியுரிமை தருவது என்பது அந்தந்த நாட்டின் விருப்பம். லீக்டன்ஸ்டைன் தந்தது செல்லாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குடியுரிமையைக் காட்டி இன்னொரு நாட்டை வழக்குக்கு இழுக்க வேண்டுமென்றால், அதற்குப் பின்னால் வசிப்பிடம், தொழில், குடும்பம், பொது வாழ்க்கை என்று ஒரு மெய்யான உறவு இருக்க வேண்டும் என்றது. அவருக்கு லீக்டன்ஸ்டைனோடு அப்படி எதுவும் இல்லை. குவாத்தமாலாவோடுதான் முப்பத்துநான்கு ஆண்டு உறவு இருந்தது.

இந்த அளவுகோலை நீதிமன்றம் எங்கிருந்து எடுத்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. அது இரட்டைக் குடியுரிமைச் சண்டைகளில் பிறந்த அளவுகோல். ஒருவரை இரண்டு நாடுகள் தம்மவர் என்று உரிமை கொண்டாடும்போது, இடையிலுள்ள மூன்றாம் நாடோ தீர்ப்பாயமோ எந்தப் பக்கம் உறவு கனமாக இருக்கிறது என்று பார்க்கும். 1930-ம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு மூன்றாம் நாட்டுக்குச் சொல்வதும் இதைத்தான். நான்காம் பிரிவு வேறு: ஒருவர் இரண்டு நாடுகளுக்கும் குடிமகன் என்றால், அவருக்காக ஒரு நாடு மற்ற நாட்டின்மீது கோரிக்கை எழுப்பக் கூடாது.

நான்காம் பிரிவின் அந்தக் கடுமை 1955-லேயே தளர்ந்தது. நியூயார்க்கில் பிறந்த ஃப்ளோரன்ஸ் ஸ்ட்ரன்ஸ்கி என்ற பெண், 1933-ல் ரோமில் மெர்ஜே என்ற இத்தாலியரை மணந்தார். இத்தாலியச் சட்டப்படி மணத்தாலேயே அவர் இத்தாலியரானார். அமெரிக்கக் குடியுரிமையும் போகவில்லை. ரோம் நகரை அடுத்த ஃப்ரஸ்காட்டியில் இருந்த அவருடைய பெரிய பியானோவும் வீட்டுப் பொருள்களும் போரில் போயின. அதற்கு இழப்பீடு கேட்டு அமெரிக்கா இத்தாலியிடம் வந்தது. இரு நாடுகளும் சேர்ந்து அமைத்த சமரச ஆணையம், ஒரு நாட்டின் பிணைப்பு தெளிவாக மேலோங்கியிருந்தால் அது மற்ற நாட்டிடமும் கேட்கலாம் என்று கதவைத் திறந்தது. பிறகு இவருடைய வாழ்க்கையைப் பார்த்தது. குடும்பத்தின் வழக்கமான வசிப்பிடம் அமெரிக்காவில் இல்லை. கணவரின் தொழில் அங்கே இல்லை. கணவர் டோக்கியோவிலுள்ள இத்தாலியத் தூதரகத்தில் பணியாற்றப் போனபோது இவரும் இத்தாலியப் பாஸ்போர்ட்டில்தான் போனார். அமெரிக்கப் பிணைப்பு மேலோங்கியதாகச் சொல்ல முடியாது என்று கோரிக்கை தள்ளுபடியானது.

இதே வழியைத்தான் ஈரான்–அமெரிக்கா உரிமைக்கோரல் தீர்ப்பாயமும் 1984-ல் பின்பற்றியது. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஈரானியர்கள் தங்களையும் ஈரான் எடுத்துக்கொண்ட சொத்துகளுக்கு இழப்பீடு கேட்க விட வேண்டும் என்றார்கள். அவர்கள் எங்கள் குடிமக்கள், எங்களிடம் கேட்க முடியாது என்றது ஈரான். உரிமைக்கோரல் எழுந்த நாளிலிருந்து 1981 ஜனவரி 19 வரை எந்தக் குடியுரிமை மேலோங்கியிருந்தது என்று பார்த்து முடிவு செய்வோம் என்றது தீர்ப்பாயம். கூடவே ஒரு எச்சரிக்கையும் வைத்தது: வழக்கை ஏற்றாலும், மறு குடியுரிமை வழக்கின் நியாயத்தைத் தீர்மானிக்கும்போது கணக்கில் வரலாம். ஈரானியருக்கு மட்டுமே உரிய சலுகையை ஈரானியராக நின்று அனுபவித்துவிட்டு, பிறகு அமெரிக்கராக நின்று நட்டஈடு கேட்டால் அது எடுபடாமல் போகலாம்.

மெர்ஜே வழக்கிலும் ஈரானியர் வழக்குகளிலும் தராசுக்கு இரண்டு தட்டுகள் இருந்தன. நோட்டேபோமுக்கு ஒரு தட்டுதான். லீக்டன்ஸ்டைன் குடியுரிமை பெற்றதும் ஜெர்மன் சட்டப்படி பழைய குடியுரிமை போய்விட்டது. குவாத்தமாலா அவருக்குக் குடியுரிமை தந்ததே இல்லை. எனவே லீக்டன்ஸ்டைனைத் தள்ளியதும், அவருக்காகப் பேச உலகில் ஒரு நாடும் மிஞ்சவில்லை. அவருடைய நோக்கத்தில் குறை காணலாம். போர்க்காலத்தில் நடுநிலை நாட்டின் பாதுகாப்பை விலைக்கு வாங்கினார் என்பது மேலோட்டமாகப் பார்த்தாலே தெரிகிறது. ஆனாலும் இரண்டில் ஒன்றைத் தேர்வதற்கான அளவுகோலைக்கொண்டு, இருந்த ஒன்றையும் பயனற்றதாக்கியது தவறு என்பதே என் உறுதியான கருத்து. பிறந்த நாட்டின் குடியுரிமையை வைத்துக்கொண்டு ஆயுள் முழுவதும் வேறு நாட்டில் உழைப்பவர்கள் எத்தனை பேர்! இந்த அளவுகோலை எல்லாருக்கும் நீட்டினால் அவர்களும் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

சட்டமும் அந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கிறது. 1958-ல் ஃப்ளெகன்ஹைமர் வழக்கில், மெர்ஜே வழக்கைத் தீர்த்த அதே இத்தாலி–அமெரிக்கச் சமரச ஆணையம், ஒரே குடியுரிமை உள்ளவரிடம் இந்தச் சோதனையை வைக்க மறுத்தது. 2006-ல் ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் வகுத்த வரைவு விதிகளும், ஒரே குடியுரிமை உள்ளவருக்காக ஒரு நாடு பேசுவதற்கு மெய்யான பிணைப்பைக் காட்டச் சொல்லவில்லை. இரட்டைக் குடிமக்கள் விஷயத்தில் மட்டும், பாதிப்பு நேர்ந்த நாளிலும் கோரிக்கை முறையாக வைக்கப்பட்ட நாளிலும் எந்தக் குடியுரிமை மேலோங்கியிருந்தது என்று அவை கேட்கின்றன.

இலங்கைக் குடியுரிமையையும் கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் குடியுரிமையையும் சேர்த்து வைத்திருக்கும் தமிழர்கள் இதைத் தம் நிலைமையோடு பொருத்திப் பார்ப்பது நல்லது. கொழும்பில் இறங்கும்போது நீங்கள் இலங்கைக்கு வெளிநாட்டவர் அல்ல, அதன் சொந்தக் குடிமகன். அங்கே சிக்கல் நேர்ந்தால் மறு நாட்டின் தூதரகம் உதவ முயலலாம். தடையின்றி உதவும் என்று எண்ணிவிடக் கூடாது. நிலமோ இழப்பீடோ நாடுகளுக்கிடையிலான வழக்காக வளர்ந்தால், எந்தப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்தீர்கள், எங்கே வசித்தீர்கள், எங்கே தொழில் நடத்தினீர்கள், குடும்பம் எங்கே இருந்தது என்ற கேள்விகள் வரும். அதற்கான தாள்களைப் பத்திரமாக எடுத்துவையுங்கள்.