கையை அளந்த பிறகு மிஷினை விற்க வேண்டும்: காலாப்பட்டு மக்களின் கோரிக்கைச் சாசனம்

புதுச்சேரி அரசின் சுகாதாரத் துறைக்கும், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும், காலாப்பட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், எங்கள் பகுதி மருந்துக்கடைக்காரர்களுக்கும், பெரிய காலாப்பட்டு, சின்ன காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி, கணபதிசெட்டிகுளம் பகுதிகளில் பிபி மிஷினும் சுகர் மிஷினும் வைத்திருக்கும் குடும்பத்தினர் எழுதுவது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியோடு நாடு முழுவதும் நடந்து, 2023இல் லான்செட் குழும இதழில் வெளியான ஆய்வில் புதுச்சேரிக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. பெரியவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இங்கே 26.3 சதவீதம், நம்மை முந்தியது 26.4 சதவீதத்தோடு கோவா மட்டும். உடல் பருமனில் 53.3 சதவீதத்தோடு முதலிடமே நமக்குத்தான். முதல் எண்ணைப் பார்த்தால் இந்த ஊர் எவ்வளவு ஸ்டிரிப் வாங்கும் என்று கணக்குப் போடலாம். இரண்டாவது எண் வேறொன்றைச் சொல்கிறது: இங்குள்ள பெரும்பாலான பிபி மிஷின்களோடு வரும் கைப்பட்டை, இங்குள்ள பலருடைய கைக்குப் போதாது. இந்தச் சாசனத்தை அந்தக் கைப்பட்டையிலிருந்தே தொடங்குகிறோம். விலையையும் பிராண்டையும் எல்லோரும் விசாரிக்கிறார்கள், பட்டையை யாரும் விசாரிப்பதில்லை.

மிஷினோடு வரும் வழக்கமான பட்டை 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கானது. பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இது இருக்கும். பட்டைக்குள் காற்று நிரம்பும் பை, கையின் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது சுற்றி வர வேண்டும். பை குட்டையாக இருந்தால் ரத்தக்குழாயை அழுத்தக் கூடுதல் காற்று தேவைப்படும். அந்தக் கூடுதலையும் மிஷின் ரத்த அழுத்தமாகவே எண்ணிக் காட்டும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 195 பேரிடம் இதைச் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு வழக்கமான பட்டையைக் கட்டியபோது மேல் அளவு சராசரியாக 4.8 கூடுதலாகக் காட்டியது. மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குக் கூடியது 19.5. சிறிய பட்டை தேவைப்பட்ட மெலிந்த கைக்காரர்களுக்கோ 3.6 குறைவாகக் காட்டியது.

எங்கள் தெருவில் இது என்ன செய்யும் என்று பாருங்கள். ஒருவருடைய கைச்சுற்றளவு 36 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அவருடைய உண்மையான மேல் அளவு 132. வீட்டில் எடுக்கும் அளவுக்கு 135/85 என்பதுதான் எல்லைக்கோடு. வழக்கமான பட்டையில் அவருக்கு 137 வரும். ஒரு வாரம் எழுதிக் கொண்டுபோனால் ஏழு நாளும் கோட்டைத் தாண்டியிருக்கும், மருத்துவர் மாத்திரையைக் கூட்ட நினைப்பார். மிஷினில் பழுது எதுவும் இல்லை என்பதால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. பக்கத்து வீட்டில், வலை இழுத்து இழுத்து உடம்பு வற்றிப்போன ஒரு பெரியவரின் கை 21 செ.மீ. அவருக்கு உண்மையில் 138. மிஷின் 134 காட்டி, எல்லாம் சரி என்று அனுப்பிவிடும்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை மருந்துக்கடைகளுக்கு. பிபி மிஷின் விற்கும் ஒவ்வொரு கடையிலும் தையல்காரர் வைத்திருக்கும் டேப் ஒன்று தொங்க வேண்டும். தோள்பட்டை எலும்பின் நுனிக்கும் முழங்கைக்கும் நடுவில், கையைத் தளரத் தொங்கவிட்டு, சட்டைக்கு மேலே இல்லாமல் தோலின் மீது அளக்க வேண்டும். அளந்த எண்ணை ரசீதில் எழுத வேண்டும். 32க்கு மேல் இருந்தால் பெரிய பட்டையோ, 22 முதல் 42 வரை பொருந்தும் அகலப் பட்டையோ அதே விலைக்கு மாற்றித் தரப்பட வேண்டும். இப்போது நடப்பது, "அது தனியா ஆர்டர் போடணும்மா" என்பதுதான். பெரிய பட்டை வந்த பாடில்லை. வேறு கம்பெனிப் பட்டையைச் செருகிக் கொடுக்கும் வழக்கமும் நிற்க வேண்டும். குழாய் பொருந்தினாலும் அளவு பொருந்தும் என்று சொல்ல முடியாது.

ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டையின் ஓரத்தில் ஒரு கோடும், உட்பக்கத்தில் எல்லையைக் காட்டும் இரண்டு குறிகளும் அச்சிட்டிருக்கும். சுற்றிய பிறகு கோடு அந்தக் குறிகளுக்கு நடுவே விழுந்தால் பட்டை உங்களுடையது. காற்று ஏறும்போது ஒட்டுப்பட்டி பிரிந்துகொண்டாலோ, அடிக்கடி எரர் என்று வந்தாலோ, மிஷினைக் குறை சொல்வதற்கு முன் கையை அளந்து பாருங்கள்.

இரண்டாவது கோரிக்கை, சோதிக்கப்பட்ட மாடலைப் பற்றியது. மருத்துவக் கருவிகள் எல்லாமே 2020 ஏப்ரல் 1 முதல் சட்டப்படி மருந்தாகக் கருதப்படுகின்றன. பெட்டியில் உரிம எண்ணைப் பார்க்கலாம். ஆனால் உரிமம் பெற்றிருப்பது ஒன்று, அந்த மாடலை மனிதக் கைகளில் கட்டிப் பார்த்து முடிவை வெளியிட்டிருப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு ஐஎஸ்ஓ 81060-2 என்ற உலகத் தரம் இருக்கிறது. குறைந்தது 85 பேரிடம், பயிற்சி பெற்ற இருவர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு எழுதிய அளவோடு மிஷினின் அளவை ஒப்பிடுவார்கள். சராசரி வித்தியாசம் 5க்குள் இருக்க வேண்டும், அதன் சிதறல் 8க்குள் இருக்க வேண்டும். இப்படித் தேறிய மாடல்களின் பெயர்கள் stridebp.org என்ற தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே பார்க்க வேண்டியது மாடல் எண்; கம்பெனியின் பெயரை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம், ஏனென்றால் ஒரே கம்பெனியின் ஒரு மாடல் தேறியிருக்கும், இன்னொன்று சோதனைக்கே போயிருக்காது. எந்தப் பட்டையோடு தேறியது என்பதையும் அங்கேயே பார்க்கலாம்.

எல்லோரும் இதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, புதுச்சேரிக் கடைகளில் விற்கும் மாடல்களை இந்தப் பட்டியலோடு ஒத்துப் பார்த்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தமிழில் ஒரு பக்கம் வெளியிட வேண்டும். பட்டியலில் இல்லாத மாடலை விற்கலாம், ஆனால் இல்லை என்று கடைக்காரர் வாயால் சொல்லியாக வேண்டும். மணிக்கட்டில் கட்டும் மிஷின்களுக்கு இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்த வேண்டும். மேல்கைப் பட்டை எதுவுமே பொருந்தாதவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அதைச் சிபாரிசு செய்யக் கூடாது. காலாப்பட்டைச் சுற்றித் தமிழ்நாடு என்பதும் துறைக்கு நினைவிருக்கட்டும். ஊரிலிருந்து கோட்டக்குப்பம் போய் வாங்கினால் வேறு மாநிலத்து ஆய்வாளரின் பொறுப்பு. அந்தப் பக்கத்துத் துறையோடும் பேசிவிட்டு வெளியிடுங்கள்.

மூன்றாவது, ஸ்டிரிப். சுகர் மிஷினை மலிவாகவும் சில வேளை இலவசமாகவும் கொடுப்பதன் ரகசியம் ஊருக்கே தெரியும், ஆனாலும் வாங்கும்போது மிஷினின் விலையைத்தான் கேட்கிறோம். ஒரு கணக்கு: ஒரு மிஷின் 500 ரூபாய், அதன் ஸ்டிரிப் ஒன்று 22 ரூபாய். இன்னொன்று 1,000 ரூபாய், ஸ்டிரிப் 11 ரூபாய். இன்சுலின் போடுபவர் தினம் இரண்டு முறை பார்த்தால் மாதம் 60 ஸ்டிரிப். ஓராண்டு முடிவில் முதல் மிஷினுக்கு 16,340 ரூபாய் போயிருக்கும், இரண்டாவதற்கு 8,920. இரண்டுமே ஐஎஸ்ஓ 15197 தரத்தில் தேறியவை என்றால், 7,420 ரூபாயைக் கூடுதலாகக் கொடுத்ததற்கு ஒரு பலனும் இல்லை. அந்தத் தரம் கேட்பது இவ்வளவுதான்: நூறு அளவில் 95, சர்க்கரை 100க்கு மேல் இருந்தால் 15 சதவீதத்துக்குள்ளும், 100க்குக் கீழே இருந்தால் 15 புள்ளிக்குள்ளும் இருக்க வேண்டும். அதாவது உண்மை 200 என்றால் 170ம் வரலாம், 230ம் வரலாம். இரண்டு மிஷினில் பத்து இருபது வித்தியாசம் வந்ததற்காகப் புது மிஷின் வாங்க வேண்டியதில்லை.

வாரம் இரண்டு முறை மட்டும் பார்ப்பவரின் கணக்கு வேறு மாதிரி. பல ஸ்டிரிப் டப்பிகளைத் திறந்தால் மூன்று மாதத்துக்குள் முடிக்கச் சொல்லி மேலே எழுதியிருக்கும். மூன்று மாதத்தில் அவருக்குச் செலவாவது 26. ஐம்பது ஸ்டிரிப் டப்பியை 1,100 ரூபாய்க்கு வாங்கினால் மீதி 24 வீண். உண்மையில் ஒன்றுக்கு 42 ரூபாய் கொடுத்திருக்கிறார். அவருக்கு 25 ஸ்டிரிப் டப்பிதான் சரி. எங்கள் கடைகளில் கேட்டால் பெரும்பாலும் ஐம்பதுதான் இருக்கிறது; 25 ஸ்டிரிப் டப்பியும் வைக்க வேண்டும்.

டப்பி திறந்த தேதியை மூடியில் எழுதுங்கள் என்பது எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்வது. ஆனால் திறப்பதற்கு முன்பே ஸ்டிரிப் கெட்டுப்போவது எங்கள் கையில் இல்லை. பல ஸ்டிரிப்புகளை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்துத் தகரக் கூரைக் கடைக்குள் என்ன வெயில் என்று சொல்லத் தேவையில்லை, அதோடு கடல்காற்றின் ஈரம் வேறு. ஸ்டிரிப்பைக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்து விற்கச் செய்வதும், வெப்பமானி இருக்கிறதா என்று பார்ப்பதும் ஆய்வாளரின் வேலையில் சேர வேண்டும். சந்தேகம் வந்தால் சோதிப்பதற்கென்றே கன்ட்ரோல் சொல்யூஷன் என்ற திரவம் உண்டு. ஒரு சொட்டு விட்டால் எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குள் வர வேண்டும் என்று ஸ்டிரிப் டப்பியிலேயே அச்சிட்டிருக்கும். அதைக் கடையில் கேட்டால் புரியாமல் பார்க்கிறார்கள். மிஷின் விற்கும் கடை அதையும் விற்க வேண்டும்.

விலையைப் பற்றி மத்திய அரசிடம் புதுச்சேரி அரசு எங்களுக்காகப் பேச வேண்டியது ஒன்று உண்டு. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2021 ஜூலையில் ஐந்து கருவிகளின் வணிக லாபத்துக்கு 70 சதவீத உச்சவரம்பு போட்டது. பட்டியலில் பிபி மிஷினும் குளுக்கோமீட்டரும் இருந்தன. ஸ்டிரிப் தனியாக இல்லை. ஒருமுறை வாங்கும் பொருளுக்கு வரம்பு போட்டுவிட்டு மாதாமாதம் வாங்கும் பொருளை விட்டுவைத்தால் யாருக்கு லாபம்? ஸ்டிரிப்புக்கும் வரம்பு வேண்டும். 2014 ஜனவரியில் உள்நாட்டு சுகர் மிஷின்களை அறிமுகம் செய்தபோது ஸ்டிரிப் 2 முதல் 4 ரூபாய்க்குக் கிடைக்கும் என்றார்கள். அந்த விலையில் எங்கள் கடைகளில் இன்றும் ஒன்றும் வாங்க முடியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததையாவது பழைய சரக்கு, புதுச் சரக்கு என்று பிரிக்காமல் ரசீதில் காட்டுங்கள். ஒரு மாடலை விற்றால் ஐந்தாண்டுக்கு அதன் ஸ்டிரிப் கிடைக்கும் என்ற எழுத்து உறுதியும் வேண்டும். பிரான்ஸிலிருந்து வரும் உறவினர் அன்பாகக் கொடுத்துப்போன சுகர் மிஷின்கள் பல, இங்கே அவற்றுக்கு ஸ்டிரிப் இல்லாமல் அலமாரியில் கிடக்கின்றன. அதற்கு யாரையும் நாங்கள் குறை சொல்லவில்லை, இங்கேயே வாங்கியதற்கும் அந்தக் கதி வரக் கூடாது என்கிறோம்.

கடைசியாக ஆரம்ப சுகாதார நிலையத்திடம் கேட்பது, மாதத்தில் ஒரு காலை. வீட்டு பிபி மிஷினைக் கொண்டுவந்தவரை ஐந்து நிமிடம் உட்கார வைத்து, ஒரே கையில் வீட்டு மிஷினும் நிலையத்து மிஷினுமாக மாற்றி மாற்றி எடுத்துச் சராசரி பாருங்கள். வித்தியாசம் 5க்குள் என்றால் வைத்துக்கொள்ளலாம், 6 முதல் 10 வரை என்றால் இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள், 10ஐத் தாண்டினால் அந்த மிஷினை நம்ப வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். உங்கள் மிஷினை எப்போது சரிபார்த்தீர்கள் என்ற தேதியும் அதன்மேல் ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதோடு எதை ஒப்பிடுகிறோம் என்றே தெரியாது. உங்களிடமே மூன்று அளவுப் பட்டைகள் இருக்க வேண்டும். சுகர் மிஷினைப் பொறுத்தவரை, ரத்தப் பரிசோதனைக்கு ஊசி போடும் அதே நேரத்தில் விரலிலும் ஒரு சொட்டு எடுத்து ஒப்பிட்டால் போதும், காலை வெறும் வயிற்றில். ரத்தசோகை உள்ள பெண்களுக்குச் சுகர் மிஷின் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஆகவே ஹீமோகுளோபின் அளவையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.

இவற்றில் டேப், ரசீதில் கைச்சுற்றளவு, 25 ஸ்டிரிப் டப்பி ஆகிய மூன்றுக்கும் புதுச் சட்டமோ நிதியோ தேவையில்லை. அடுத்த மாதமே தொடங்கலாம். மற்றவற்றுக்கு எந்தத் துறை எதை எப்போது செய்யும், எதைச் செய்ய முடியாது, ஏன் என்ற பதிலை எழுத்தில் கேட்கிறோம். பதிலைக் காலாப்பட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.